சுற்றுக்கு ஒரு முறை உரசும் டிஸ்க் பிரேக்: வளைந்த ரோட்டார், இடம் மாறிய காலிப்பர், எண்ணெய் பட்ட பேட்

சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் ஒரு 'சர்ர்'. அடுத்த சுற்றில் அதே இடத்தில் மறுபடியும் ஒரு 'சர்ர்'. டிஸ்க் பிரேக் வைத்த சைக்கிளில் அடிக்கடி வரும் புகார் இது. இந்த பிரேக்கில் ரோட்டார் என்ற எஃகுத் தட்டு சக்கரத்தோடு சுற்றும். வண்டியில் நிலையாக நிற்கும் காலிப்பர், இரு பக்கமும் உள்ள பேட்டுகளால் அந்தத் தட்டைப் பிடித்து நிறுத்தும். பெரும்பாலும் பத்து நிமிட வேலைதான். ஆனால் தவறான இடத்தில் கை வைத்தால் ஒரு பழுது மூன்றாகப் பெருகும். இந்த நிகழ்வில் நடந்தது அதுதான்.

29 அங்குலச் சக்கரம், அலுமினிய ஃபிரேம், ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக், ஆறு போல்ட்டில் நிற்கும் 160 மி.மீ. ரோட்டார், ரெசின் பேட், குவிக் ரிலீஸ் ஆக்சில் கொண்ட வண்டி. சென்னையில் இருந்து சேலம் போய் ஏற்காடு ஏறுவதாகத் திட்டம். பஸ்ஸின் சாமான் அறையில் இடம் போதாமல் முன்சக்கரத்தைக் கழற்றி, வண்டியின் மேல் படுக்கவைத்தார்கள். அதன்மேல் யாருடைய பெட்டியோ வந்து உட்கார்ந்தது. சேலத்தில் இறங்கிச் சக்கரத்தை மாட்டியதும் சுற்றுக்கு ஒரு முறை உரசல் தொடங்கியது.

வண்டிக்காரர் செய்தது, பலரும் சொல்லிக்கொடுக்கும் வைத்தியம். காலிப்பரின் இரண்டு போல்ட்டையும் தளர்த்தி, லீவரை அழுத்திப் பிடித்து, போல்ட்டை இறுக்கினார். சத்தம் நிற்கவில்லை, நீண்டது. முன்பு ஒரே இடத்தில் வந்த உரசல் இப்போது ஏறக்குறைய சுற்று முழுவதும் வந்தது, ஒரே ஒரு இடத்தில் மட்டும் மௌனமானது. சத்தத்தை அடக்கச் செயினுக்கு வைத்திருந்த எண்ணெய் ஸ்பிரேயை ரோட்டார் பக்கம் அடித்தார். சத்தம் குறைந்தது, பிரேக்கும் குறைந்தது. லீவர் கல் மாதிரி கெட்டியாக இருக்கிறது, வண்டி நிற்கவில்லை. 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள மலைப்பாதையில் அந்த பிரேக்கை நம்பி இறங்க முடியாது. வண்டி மலை ஏறாமலேயே திரும்பியது. அது சரியான முடிவு.

சத்தம் என்ன சொல்கிறது

டிஸ்க் பிரேக்கில் காலிப்பர் நிற்கிறது, ரோட்டார் சுற்றுகிறது. நிற்கும் பொருளில் குறை இருந்தால் அது சுற்று முழுவதும் தெரியும். சுற்றும் பொருளில் குறை இருந்தால் சுற்றுக்கு ஒரு முறை தெரியும். ஆகவே ஒரே இடத்தில் உரசுகிறது என்றால் சந்தேகம் முதலில் ரோட்டார் மேல்தான் விழவேண்டும். காலிப்பரைத் தொடவே கூடாது. இந்த ஒரு விஷயம் தெரிந்திருந்தால் இந்த வண்டிக்குப் புது பேட் செலவு வந்திருக்காது.

காலிப்பரைத் திருத்தியதும் ஏன் மோசமானது? இதைக் கணக்காகப் பார்த்தால் எளிதில் புரியும். இந்த வண்டியில் பேட்டுக்கும் ரோட்டாருக்கும் ஒவ்வொரு பக்கமும் சுமார் 0.25 மி.மீ. இடைவெளி இருந்தது. ரோட்டாரின் ஒரு பகுதி சக்கரக் கம்பிகளின் பக்கமாக 0.4 மி.மீ. வளைந்திருந்தது. காலிப்பர் நடுவில் நின்றபோது வளைந்த துண்டு மட்டும் உள்பக்க பேட்டைத் தொட்டது. மற்ற இடமெல்லாம் தொடாமல் போனது. வண்டிக்காரர் லீவரை அழுத்திய நேரத்தில் அந்த வளைந்த துண்டு பேட்டுகளுக்கு நடுவே இருந்தது. தளர்ந்திருந்த காலிப்பர் அந்தத் துண்டையே நடுவாக எடுத்துக்கொண்டு 0.4 மி.மீ. உள்பக்கம் நகர்ந்து இறுகியது. இப்போது வளைந்த இடம் காலிப்பருக்கு நேர். ரோட்டாரின் நல்ல பகுதி முழுவதும் 0.4 மி.மீ. வெளியே தள்ளி நிற்கிறது. இடைவெளியோ 0.25 தான். நல்ல பகுதி எல்லாம் வெளிப்பக்க பேட்டில் உரசும், கெட்ட பகுதி மட்டும் சத்தமில்லாமல் போகும்.

சுற்று முழுவதும் உரசி ஒரே இடத்தில் மட்டும் சத்தம் நிற்கும் வண்டி வந்தால், யாரோ வளைந்த ரோட்டாரை வைத்துக் காலிப்பரைத் திருத்தியிருக்கிறார்கள் என்று துணிந்து சொல்லலாம். அந்த மௌனமான இடத்தைத் தேடிப் போனால் வளைவு கிடைக்கும்.

ரோட்டாரைக் குற்றம் சொல்லும் முன்

குவிக் ரிலீஸ் சக்கரம் ஃபோர்க்கின் பள்ளத்தில் சரியாக உட்காரவில்லை என்றால் ரோட்டார் காலிப்பருக்குள் சாய்ந்து நிற்கும். அதனால் முதலில் வண்டியைத் தரையில் நிமிர்த்தி நிறுத்தி, குவிக் ரிலீஸைத் தளர்த்தி, ஹேண்டில்பாரை மேலிருந்து அழுத்தி, ஆக்சில் இரு பக்கமும் பள்ளத்தின் அடியைத் தொட்டபின் இறுக்க வேண்டும். வண்டியைத் தலைகீழாக வைத்து மாட்டும் பழக்கம்தான் இங்கே பாதித் தொல்லைக்குக் காரணம்.

பிறகு டயரைப் பிடித்து இடமும் வலமுமாக ஆட்டிப் பார்க்க வேண்டும். 'டக் டக்' என்று ஆடினால் ஹப் பேரிங் தளர்ந்திருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் ரோட்டாரில் எடுக்கும் எந்த அளவும் பொய்யாகும். அடுத்தது ரோட்டார் போல்ட்டுகள். டி-25 நட்சத்திரக் கீயால் ஆறையும் தொட்டுப் பார்க்க வேண்டும். ஒன்றிரண்டு தளர்ந்திருந்தால் சுற்றுக்கு ஒரு முறை உரசலும் வரும், பிரேக் பிடிக்கும்போது ஒரு தட்டலும் வரும். இறுக்கும் அளவு ரோட்டார் செய்பவரைப் பொறுத்தது: ஷிமானோவுக்கு 2 முதல் 4 நியூட்டன் மீட்டர், ஸ்ராமுக்கு 6.2.

ரிம் வளைந்திருக்கிறதா என்று கேட்பவர்கள் உண்டு. ரிம் ஆடினாலும் டிஸ்க் பிரேக்குக்கு அதனால் எதுவும் ஆகாது. ரோட்டார் நிற்பது ஹப்பில்.

இந்த வண்டியில் ஆக்சில் சரியாக உட்கார்ந்திருந்தது, பேரிங்கில் ஆட்டமில்லை, போல்ட்டுகள் இறுகியே இருந்தன.

வளைவை அளப்பது

டயல் கேஜ் இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் ஒரு கேபிள் டையும் நாலைந்து தாளும் போதும். கேபிள் டையை ஃபோர்க்கின் காலில் இறுகக் கட்டி, அதன் வாலை வெட்டி, நுனி ரோட்டாரின் வெளிப்பக்கத்தில், பேட் படும் பட்டைக்கு எதிரே லேசாகத் தொடும்படி வளைத்து வைக்க வேண்டும். சக்கரத்தை மெதுவாகக் கையால் திருப்பினால், ரோட்டார் நுனியைத் தொடும் இடமும் விலகும் இடமும் கண்ணுக்குத் தெரியும். விலகும் இடத்தில் சாதாரண ஏ4 தாளை ஒவ்வொன்றாகச் செருகிப் பார்க்கலாம். ஒரு தாள் ஏறக்குறைய 0.1 மி.மீ. தடிப்பு. எத்தனை தாள் தாராளமாக நுழைகிறதோ அத்தனை பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டர் வளைவு.

இங்கே நாலு தாள் நுழைந்தது. ஐந்தாவது தாள் உரசியது. இடத்தை மார்க்கரால் குறிக்கும்போது ரோட்டாரின் கைகளில், அதாவது நடுவில் இருந்து பட்டையைத் தாங்கும் கிளைகளில்தான் கோடு போட வேண்டும். பட்டையின் மேல் மார்க்கர் பட்டால் அந்த மை பேட்டில் ஏறும்.

அளவைவிட வளைவின் உருவம் முக்கியம். ரோட்டார் பாதிச் சுற்று உள்ளேயும் பாதிச் சுற்று வெளியேயுமாக மெதுவாக அலைந்தால், தட்டு வளையவில்லை. அது ஹப்பில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது. ஹப்பின் முகத்தில் ஒட்டிய ஒரு மண்துகளோ பெயிண்ட் திட்டோ போதும். அப்போது ரோட்டாரைக் கழற்றி, இரு முகத்தையும் துடைத்து, எதிரெதிர் போல்ட்டுகளாக மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினால் சரியாகும். அதைக் கீ போட்டு வளைத்து நிமிர்த்த முயன்றால் நல்ல தட்டும் கெடும். மாறாக ஒரு சின்னத் துண்டு மட்டும் திடீரென்று விலகிவந்தால், அது அடி பட்ட வளைவு. நம் வண்டியில் இரண்டு கைகளுக்கு நடுவே சுமார் 4 செ.மீ. நீளத் துண்டு மட்டும் உள்ளே போயிருந்தது. பெட்டியின் விளிம்பு அழுத்திய இடம் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. வேகமாகச் சுற்றும் ரோட்டாரின் துளைகளுக்குள் விரல் போனால் விரல் துண்டாகும். சத்தம் எங்கே என்று பார்க்கும் ஆர்வத்தில் கை அங்கே போகக்கூடாது. சக்கரத்தை மெதுவாகத் திருப்பியே எல்லாவற்றையும் பார்க்கலாம்.

நிமிர்த்துவது

தட்டு ஆறியிருக்க வேண்டும், கையில் எண்ணெய் இருக்கக்கூடாது. ரோட்டார் நிமிர்த்தும் கீ என்பது குறுகிய வெட்டு உள்ள ஒரு பட்டைக் கம்பிதான். அது இல்லையென்றால் சின்ன அட்ஜஸ்டபிள் ஸ்பேனரின் வாயை ஆல்கஹாலில் நன்றாகத் துடைத்து, தட்டின் தடிப்புக்கு ஒட்டிப் பிடிக்கும்படி வைத்துக்கொள்ளலாம்.

ரோட்டார் எஃகு. எஃகு கொஞ்சம் வளைந்தால் திரும்பிப் பழைய இடத்துக்கே வந்துவிடும். அதனால் முதல் இரண்டு மூன்று தள்ளலில் எதுவும் மாறியது போலவே தெரியாது. இங்கேதான் பொறுமை போய், ஒரே தள்ளாகத் தள்ளுகிறார்கள். தட்டு எதிர்ப்பக்கம் வளைந்துவிடுகிறது. சரியான முறை: ஒரு முறை தள்ளு, விடு, கேபிள் டை நுனியில் பார். மாற்றம் இல்லையென்றால் அடுத்த முறை துளி கூடுதலாகத் தள்ளு. தட்டு எந்த அழுத்தத்தில் பணிகிறது என்று கை கற்றுக்கொண்டபின் வேலை வேகமாகும்.

இந்த வண்டியில் வளைந்த துண்டின் நடுவைப் பிடித்து வெளிப்பக்கம் இழுத்தபோது, நாலாவது இழுப்பில் 0.4 மி.மீ. 0.2 ஆனது. அதற்குமேல் நடுவையே இழுத்தால் நடு நேராகும், ஆனால் அதன் இரு ஓரமும் அலையாக நிற்கும். வளைவு தொடங்குவது கைகள் பட்டையோடு சேரும் இடத்தில். ஆகவே கீயை அந்த இரண்டு முனைகளுக்கும் நகர்த்தி, ஒவ்வொன்றிலும் மெதுவாக இரண்டு இழுப்பு. இப்போது ஒரு தாள் மட்டும் நுழைந்தது, அதுவும் இறுக்கமாக. 0.1 மி.மீ. போதும், அங்கே நிறுத்த வேண்டும். இடைவெளி 0.25 இருக்கும் காலிப்பரில் 0.1 வளைவு தொடாது. பூச்சியத்தைத் தேடிப்போய் ஒரே இடத்தை இருபது முறை முன்னும் பின்னும் வளைத்தால் அந்த இடத்தில் உலோகம் களைத்துப்போகும்.

ரோட்டாரின் கையில் கூர்மையான மடிப்பு விழுந்திருந்தாலோ, பட்டையிலோ கைகளிலோ மயிரிழை விரிசல் தெரிந்தாலோ நிமிர்த்தக்கூடாது, மாற்ற வேண்டும். தடிப்பையும் பார்த்துக்கொள்வது நல்லது: ஷிமானோ ரோட்டார் புதிதில் 1.8 மி.மீ., 1.5 மி.மீ. வந்தால் அதன் காலம் முடிந்தது. இது 1.7 இருந்தது.

காலிப்பரின் முறை இப்போதுதான்

பேட்டைக் கழற்றினால், சக்கரம் இல்லாத நேரத்தில் யாரோ லீவரை அழுத்தியிருப்பது தெரிந்தது. பேட்டைத் தள்ளும் பிஸ்டன்கள் வழக்கத்தைவிட வெளியே வந்திருந்தன. சக்கரத்தைக் கழற்றி வண்டியைப் பஸ்ஸில் ஏற்றும்போது லீவர் எதிலாவது அழுந்தினால் இப்படித்தான் ஆகும். இடைவெளி குறைந்துபோய், மற்ற நாளில் உரசாத சின்ன வளைவும் உரசும். பழைய பேட்டை அப்படியே மாட்டி, அதன் நடுவே பிளாஸ்டிக் டயர் லீவரை விட்டு, இரண்டு பிஸ்டனும் முழுதாக உள்ளே போகும்வரை நிதானமாக நெம்ப வேண்டும். இரும்புத் திருப்புளியால் பிஸ்டன் முகத்தை நேராகத் தள்ளினால் பீங்கான் பிஸ்டன் சில்லாகிவிடும்.

பிறகு காலிப்பர் போல்ட்டுகளை 5 மி.மீ. ஆலன் கீயால் அரைச் சுற்றுத் தளர்த்தினால் போதும். காலிப்பர் கையால் தள்ளினால் நகர வேண்டும், தானாக ஆடக்கூடாது. ரோட்டாரின் நேரான பகுதியை, அதாவது மார்க்கர் கோட்டுக்கு எதிர்ப்பக்கத்தை, காலிப்பருக்குள் கொண்டுவந்து லீவரை அழுத்திப் பிடிக்க வேண்டும். எல்லா வித்தியாசமும் இந்த ஒரு செயலில் இருக்கிறது. போல்ட்டுகளை மாற்றி மாற்றிக் கால் சுற்றாக இறுக்க வேண்டும். ஒன்றை முழுதாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால், திரும்பும் போல்ட் காலிப்பரையும் சேர்த்து இழுத்துத் திருப்பிவிடும். கடைசி அளவு ஷிமானோவில் 6 முதல் 8 நியூட்டன் மீட்டர்.

லீவரை விட்டபின் காலிப்பருக்குப் பின்னால் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து முன்னிருந்து பார்த்தால், ரோட்டாரின் இரு பக்கமும் இரண்டு வெள்ளைக் கோடு தெரியும். இரண்டும் ஒரே அகலம் என்றால் வேலை முடிந்தது. ஒரு கோடு மேலே அகலமாகவும் கீழே ஒடுங்கியும் இருந்தால் காலிப்பர் சாய்ந்திருக்கிறது. மேல் போல்ட்டை மட்டும் தளர்த்திக் கையால் நகர்த்த வேண்டும். லீவரை அழுத்தும்போது ஒரு பக்க பேட் மட்டும் முன்னால் வந்து ரோட்டாரைத் தள்ளினால், அடுத்த பிஸ்டன் சிக்கியிருக்கிறது. அந்த நிலையில் காலிப்பரை எவ்வளவு நகர்த்தினாலும் இரண்டு நாளில் உரசல் திரும்பும். பிஸ்டனைச் சுத்தம் செய்து நகரவைப்பதுதான் வழி.

கம்பி இழுக்கும் மெக்கானிகல் டிஸ்க் பிரேக் என்றால் இந்த முறை அப்படியே பொருந்தாது. விலை குறைந்த வண்டிகளில் பெரும்பாலும் வெளிப்பக்க பேட் மட்டும் நகரும். உள்பக்க பேட் நிலையாக நிற்கும். நிலையான பேட்டை அதன் திருகால் ரோட்டாருக்கு இரண்டு மூன்று தாள் இடைவெளியில் வைத்துவிட்டு, பிறகுதான் கம்பியைச் சரிசெய்ய வேண்டும். இதிலும் ரோட்டாரை நிமிர்த்துவது முதலில்.

எண்ணெய் பட்ட பேட்

எண்ணெய் பட்ட பேட் சுற்றுக்கு ஒரு முறை உரசாது. அது செய்வது வேறு: பிரேக் பிடிக்கும்போது கத்தும், அல்லது சத்தமே இல்லாமல் வழுக்கும். லீவர் கெட்டியாக இருந்து வண்டி நிற்கவில்லை என்றால் ஆயில் லைனில் காற்று இல்லை, பேட்டின் முகத்தில்தான் கோளாறு. லீவர் பஞ்சு போல உள்ளே போனால் அது காற்று. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு தேவையில்லாமல் பிரேக் ஆயிலை மாற்றச் சொல்லும் கடைகள் இருக்கின்றன.

கழற்றிய பேட்டின் முகம் மங்கலான சாம்பல் நிறத்தில் இருந்திருக்க வேண்டும். இங்கே ஈரம் பட்ட சிமெண்ட் போலக் கறுத்து, ஓரத்தில் பளபளப்பு ஏறியிருந்தது. நகத்தால் அழுத்தினால் நகத்தில் பிசுக்கு ஒட்டியது. எண்ணெய் எங்கிருந்து வந்தது என்பதை உறுதிசெய்யாமல் புது பேட் போடக்கூடாது. பேட்டின் இரும்பு முதுகும் பிஸ்டன் முகமும் உலர்ந்து, உரசும் முகம் மட்டும் கறுத்திருந்தால் எண்ணெய் வெளியில் இருந்து வந்தது. முதுகுப் பக்கம் ஈரமாக இருந்தால் பிஸ்டன் சீல் கசிகிறது. சந்தேகமானால் பிஸ்டனைத் துடைத்து உலர்த்தி, பழைய பேட்டும் ரோட்டாரும் உள்ளே இருக்க, லீவரை ரப்பர் பட்டையால் இறுக்கிக் கட்டி இரவு முழுக்க விட வேண்டும். காலையில் பிஸ்டன் ஓரம் ஈரமாக இருந்தால் காலிப்பரைத்தான் மாற்ற வேண்டியிருக்கும். இந்த வண்டியில் உலர்ந்தே இருந்தது. குற்றவாளி செயின் ஸ்பிரே.

ரெசின் பேட் நுண்துளைகள் நிறைந்தது. எண்ணெய் உள்ளே இறங்கிவிடும். உப்புத்தாளில் தேய்த்தால் மேல் அடுக்கு போகும், பிரேக்கும் அன்று நன்றாகப் பிடிக்கும். ஆனால் நாலு முறை நன்றாகச் சூடானால் உள்ளே இருக்கும் எண்ணெய் மேலே வரும். அடுப்பில் காட்டி எரிக்கும் வழியும் இப்படித்தான். சில நேரம் பலிக்கும், சில நேரம் பேட்டின் உரசும் பகுதி இரும்பு முதுகில் இருந்து பெயர்ந்துவிடும். முன் பிரேக்கில் அந்தப் பரீட்சை வேண்டாம். கைவிரல் பட்ட அளவுக்கு லேசான அழுக்கு என்றால் தேய்த்துப் பார்க்கலாம். ஸ்பிரே அடித்த பேட்டைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

புது பேட்டுக்கு முன்னால் ரோட்டாரைச் சுத்தம் செய்ய வேண்டும். எண்ணெய் ரோட்டாரில் புது பேட்டை மாட்டினால் முதல் தெருமுனையிலேயே அதுவும் கெடும். 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் புதுத் துணியில் நனைத்து இரு பக்கமும் துடைக்க வேண்டும், துணியின் பக்கத்தை ஒவ்வொரு துடைப்புக்கும் மாற்றி. முதல் துணி கறுப்பாக வந்தது, மூன்றாவதில் கறை இல்லை. காலிப்பரின் உள்ளேயும் துடைத்தாயிற்று. மண்ணெண்ணெய், பெட்ரோல் போன்றவை ஒரு படலத்தை விட்டுச்செல்லும். அவை செயினுக்கு, இங்கே வேண்டாம். துடைத்தபின் பட்டையை விரல் தொடக்கூடாது.

புது பேட் முதல் நாளில் பாதி பலம்தான் காட்டும். பேட்டின் பொருள் ரோட்டாரில் சமமாக ஒரு மெல்லிய படலமாக ஏற வேண்டும். நெரிசல் இல்லாத சாலையில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் இருந்து நடை வேகம் வரைக்கும் சீராகக் குறைக்க வேண்டும். முழுதாக நிறுத்தக்கூடாது, சக்கரம் பூட்டிக்கொள்ளவும் கூடாது. சூட்டோடு நிறுத்தி அழுத்திப் பிடித்தால் பேட் நின்ற இடத்தில் மட்டும் ஒரு திட்டு ஏறும். பிறகு பிரேக் பிடிக்கும்போது மட்டும் சுற்றுக்கு ஒரு முறை துடிப்பது தெரியும். பிடிக்காதபோது சத்தம் இருக்காது. அதை வளைந்த ரோட்டார் என்று எண்ணி மறுபடி கீயை எடுப்பவர்கள் உண்டு. இந்த வண்டியில் எட்டாவது குறைப்பில் பிடிப்பு ஏறத் தொடங்கியது. பதினைந்தில் இரண்டு விரலால் பின்சக்கரம் லேசாகத் தூக்கும் அளவுக்கு வந்தது.

50 கிலோமீட்டர் ஓட்டியபின் திரும்பப் பார்த்தபோது கேபிள் டை நுனியில் அதே ஒரு தாள். உரசல் இல்லை. அடுத்த பயணத்துக்குச் சக்கரத்தைக் கழற்றும்போது பேட்டுகளுக்கு நடுவே மடித்த அட்டையைச் செருகி லீவர் அழுந்தாமல் பார்த்துக்கொள்ளவும், சக்கரத்தைப் படுக்கவைக்காமல் நிமிர்த்தி வைக்கவும் சொல்லியாயிற்று. இடம் இல்லையென்றால் ஆறு போல்ட்டையும் கழற்றி ரோட்டாரைத் துணிகளுக்கு நடுவே பைக்குள் கொண்டுபோகலாம். திரும்ப மாட்ட பத்து நிமிடம் ஆகும்.